‘சக்கர நாற்காலி வசதி உண்டு’ என்று மட்டும் எழுதினால் போதாது

“எங்கள் அருங்காட்சியகத்தில் புதுக் காட்சிக்கூடம் திறக்கப் போகிறோம். பழைய துணிகளும் கையெழுத்துப் படிகளும் வைத்திருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் படத்தோடு போட ஒரு கேப்ஷன் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிகளை அழைக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் சொல்ல வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி என்றும் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒரே கேப்ஷனில் எப்படி அடக்குவது?”

முதலில் இதைப் படிக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். பொதுப் பார்வையாளர் படத்தைப் பார்ப்பார், பிடித்திருந்தால் வருவார். பள்ளியிலிருந்து கூட்டி வருகிற ஆசிரியரின் நிலை வேறு. இடைவேளையில் கைபேசியில் உங்கள் பதிவைப் பார்க்கிற அவர் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும், பெற்றோரிடம் பணம் வாங்க வேண்டும், வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் வகுப்பில் 52 பிள்ளைகள். அவர்களில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் வருகிறாள். ஒரு பையனுக்குப் பார்வை குறைவு. அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான்: மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்த இரண்டு பிள்ளைகளும் மற்றவர்களோடு கடைசி வரை வர முடியுமா?

பதில் பதிவிலேயே இல்லையென்றால் எல்லோரும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். பலர் வேறு இடம் பார்ப்பார்கள். சிலர் ‘எதற்கு வம்பு’ என்று அந்த இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வருவார்கள். பள்ளிக் குழுக்களுக்கான முன்பதிவை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். வராமல் போன பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால் தவறு நடந்தது என்றே நமக்குத் தெரியாது.

அதனால் கட்டணத்தையும் வசதிகளையும் அடியில் ஒட்டுகிற சிறுகுறிப்பாக நினைக்க வேண்டாம். பள்ளிக்கு அனுப்புகிற அழைப்பே அவைதான்.

நான் எழுதிய ஒரு பதிவில் நடந்ததைச் சொல்கிறேன். ‘சக்கர நாற்காலி வசதி உண்டு’ என்று எழுதியிருந்தேன். கேட்பவர்களுக்குக் கொடுக்க வாசலில் இரண்டு சக்கர நாற்காலிகள் இருந்தன, அதைத்தான் அப்படிச் சொன்னேன். அதைப் படித்த ஆசிரியர், சொந்தச் சக்கர நாற்காலியில் வருகிற தன் மாணவி எல்லா இடத்துக்கும் போகலாம் என்று எடுத்துக்கொண்டார். அந்தச் சொற்றொடரை யாரும் அப்படித்தான் படிப்பார்கள். கூடம் இருந்தது மாடியில். லிப்ட் இருந்தது, ஆனால் அவளுடைய நாற்காலி அதற்குள் நுழையவில்லை. வகுப்பு முழுவதும் மேலே போய்விட்டுத் திரும்பும் வரை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம், அவளும் அவளுடைய உதவியாளரும் தரைத்தளத்தில் நுழைவுச்சீட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதிய நான்கு சொற்களால் நேர்ந்தது அது. அதற்குப் பிறகு ‘வசதி உண்டு’ என்று நான் எதையும் எழுதுவதில்லை.

சரி, வேறு எப்படி எழுதுவது? வசதிகளின் பெயர்களை அடுக்காமல் வழியை எழுதுங்கள். சாய்தளம், லிப்ட், கழிப்பறை என்று பெயர்களாக அடுக்கினால், அவை ஒன்றோடொன்று இணைகின்றனவா என்பது தெரியாது. பிள்ளை வருவது ஒரே வழியில். வண்டி நிற்கும் இடம், அங்கிருந்து வாசல், நுழைவுச்சீட்டு மேசை, லிப்ட், கூடம், கழிப்பறை, மறுபடி வண்டி. இதில் ஓர் இடத்தில் ஒரே ஒரு படி இருந்தாலும் மற்ற எல்லா வசதியும் அந்தப் படிக்கு முன்னால் நின்றுவிடும்.

எழுத உட்காரும் முன் அளவு நாடாவையும் ஒரு சக்கர நாற்காலியையும் எடுத்துக்கொண்டு அந்த வழியை ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான். கவனிக்க வேண்டிய அளவுகள் அதிகமில்லை. வழியில் மிகக் குறுகலான வாசலின் அகலம் ஒன்று. சாதாரணமாகக் கையால் தள்ளும் நாற்காலி 65 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும், சக்கரத்தைத் தள்ளுகிற கைகளுக்கும் இடம் வேண்டும். கதவைத் திறந்த பிறகு 80 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி இருந்தால்தான் நிம்மதியாகப் போகலாம். அடுத்தது லிப்டின் உள்ளளவு. 110 செ.மீ. அகலமும் 140 செ.மீ. ஆழமும் இருந்தால் நாற்காலியும் கூட ஒருவரும் போகலாம். மூன்றாவது, சாய்தளத்தின் சரிவு. 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 15 செ.மீ. உயரமுள்ள இரண்டு படிகளைக் கடக்க வேண்டுமானால் உயரம் 30 செ.மீ., சாய்தளம் 3.6 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். பல இடங்களில் இதே இரண்டு படிக்கு ஒன்றரை மீட்டர்ப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ‘சாய்தளம் உண்டு’ என்கிறார்கள். அதன் சரிவு 5க்கு 1. பெரும்பாலோரால் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது முன்பக்கமாகக் கவிழவும் கூடும்.

இதைப் பேசும்போது ஊழியர்கள் யாராவது “பரவாயில்லை, நாங்கள் தூக்கிவிடுவோம்” என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனாலும் பதிவில் அதை வசதியாக எழுதாதீர்கள். மின்சாரச் சக்கர நாற்காலி 100 கிலோவுக்கு மேலும் இருக்கும், அதைத் தூக்கவே முடியாது. தூக்கக்கூடிய நாற்காலி என்றாலும், வகுப்புத் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாலு பேர் தன்னைத் தூக்கிக்கொண்டு போவதை ஒரு பதின்வயதுப் பிள்ளை விரும்புமா என்று யோசித்துப் பாருங்கள். படி இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். அதுவே ஆசிரியருக்கு உதவும்.

கூடத்துக்குள் போனதும் அந்த நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு பேழையையும் பாருங்கள். துணிகளைப் படுக்கையாக வைக்கும் மேசைப் பேழைகளின் விளிம்பு பெரும்பாலும் நின்று பார்ப்பவருக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கண் மட்டமே தரையிலிருந்து ஏறக்குறைய 110 முதல் 120 செ.மீ.தான், பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் கீழே. அந்தப் பேழை ஒரு மீட்டர் உயரத்தில் தட்டையாக இருந்தால் பிள்ளைக்குத் தெரிவது கண்ணாடியில் விழும் விளக்கொளி மட்டும்தான். அப்படிப்பட்ட பேழைகளுக்குள் இருப்பதை மேலிருந்து படம் எடுத்து, கையில் பிடித்துப் பார்க்கும் அட்டைகளாகச் செய்துவிடலாம். ஒரு நாளில் முடிகிற வேலை. செய்துவிட்டு அதையும் பதிவில் சொல்லுங்கள்.

உங்கள் கூடத்தில் இருப்பவை துணியும் கையெழுத்துப் படிகளும் என்பதால் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் விடுகிறவர்கள் மிக அதிகம். துணி, காகிதம், சாயம் எல்லாம் வெளிச்சத்தால் மங்கும். அந்தச் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும், ஒரு முறை மங்கியது திரும்பாது. அதனால் இத்தகைய பொருட்கள் உள்ள இடத்தில் 50 லக்ஸ் அளவுக்கே வெளிச்சம் வைப்பது பாதுகாப்புப் பணியில் நெடுநாள் வழக்கம். வகுப்பறை மேசையின் மேல் வழக்கமாக 300 லக்ஸ் அல்லது அதற்கு மேல் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு மங்கல் என்று புரியும். வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குக் கண் பழகவே சில நிமிடங்கள் ஆகும். பார்வை குறைந்த பையனுக்குப் பழகிய பிறகும் விளக்கப் பலகைகளைப் படிக்க முடியாமல் போகலாம். தடுமாறி விழவும் கூடும்.

வெளிச்சத்தைக் கூட்ட முடியாது, கூட்டவும் கூடாது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆசிரியர் தயாராக வருவார். பையனின் பெற்றோரிடம் பேசி, அவன் வகுப்பில் பயன்படுத்தும் உருப்பெருக்கியைக் கொடுத்தனுப்பச் சொல்வார், அவனோடு ஒரு நண்பனைச் சேர்ப்பார். உங்கள் பக்கத்தில், விளக்கப் பலகைகளின் வாசகத்தை 18 புள்ளி அல்லது அதைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட்டு நுழைவிடத்தில் வைக்கலாம். கூடத்துக்கு வெளியே நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்தும் அதைப் படிக்கலாம் அல்லவா? அதே வகை நெசவில் புதிதாகச் செய்த துணித் துண்டுகளைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தால் இன்னும் நல்லது. பார்வை குறைந்தவருக்கு என்று தொடங்கினாலும் அந்த மேசையைச் சுற்றித்தான் எல்லாப் பிள்ளைகளும் நிற்பார்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கு: கூடத்தில் காணொளி ஓடினால் எழுத்து வரி இருக்கிறதா என்று சொல்லுங்கள். ஒலியை நேராகக் காது கருவிக்கே அனுப்பும் தூண்டல் வளையம் பொருத்தியிருந்தால், கருவியை ‘டி’ நிலையில் வைத்தால் கேட்கும் என்று சொல்லுங்கள். சைகை மொழியில் விளக்குபவர் இருக்கிறாரா, முன்பே கேட்டால் வருவாரா என்பதும் வேண்டும். திடீர்ச் சத்தமும் மினுக்கும் விளக்கும் சில பிள்ளைகளைத் துன்புறுத்தும். அப்படி ஏதாவது இருந்தால் எந்த மூலையில் என்று ஒரு வரி போதும்.

இல்லாததையும் எழுதுங்கள் என்று சொன்னால் பல நிர்வாகிகள் தயங்குவார்கள். ‘சைகை மொழி விளக்கம் இப்போது இல்லை’ என்று எழுதினால் பெயர் கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை நடப்பது வேறு. இல்லாததை ஓர் இடத்தில் ஒப்புக்கொள்கிறவர் மற்ற இடங்களில் ‘உண்டு’ என்று சொல்வதை ஆசிரியர் நம்புகிறார். சர்வதேச அருங்காட்சியகப் பேரவை 2022இல் ஏற்ற புதிய வரையறையில், அருங்காட்சியகம் எல்லோரும் அணுகக்கூடியதாகவும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதாகவும் இருக்க வேண்டும் என்பது வருகிறது. நல்ல வரையறைதான். ஆனால் அந்தச் சொற்களை அப்படியே எடுத்து ‘அனைவரும் அணுகக்கூடிய கூடம்’ என்று பதிவில் போட்டால் ஆசிரியருக்கு அதிலிருந்து ஒரு தகவலும் கிடைக்காது. ‘மிகக் குறுகிய வாசல் 85 செ.மீ.’ என்பதில் கிடைக்கும்.

இப்போது கட்டணம். ஓர் எடுத்துக்காட்டாக, மாணவருக்கு 20, பெரியவருக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். பதிவில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘மாணவர்களுக்கு 20. 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இலவசம். புதிய கூடத்துக்குச் சிறப்புக் கட்டணம் 10.’ பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. நம் ஆசிரியர் 52 மாணவர், 4 ஆசிரியர், 1 உதவியாளர் என்று கணக்குப் போடுகிறார்.

மாணவர்களுக்கு 52 பெருக்கல் 20, ஆக 1040. ஆசிரியர்களில் எத்தனை பேர் இலவசம்? 45 மாணவர்களுக்கு மூன்று பேர். மீதி 7 பேருக்கு இன்னொருவர் உண்டா, இல்லையா? இல்லையென்றால் 50 சேரும். உதவியாளர் பெரியவர் கணக்கில் வருகிறாரா? வந்தால் இன்னும் 50. அந்த 10 என்பது 20க்குள் அடங்கியதா, அதற்கு மேலேயா? மேலே என்றால் மாணவர்களுக்கு மட்டும் 520 கூடும். ஆக ஒரே பதிவைப் படித்து ஒருவர் 1040 என்றும் சொல்லலாம், 1660 என்றும் சொல்லலாம். ஆசிரியர் குறைந்த தொகையை நம்பிப் பெற்றோரிடம் வாங்கிவிட்டால் மீதி 620 அவர் கையிலிருந்து போகும். வாசலில் 52 பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அவர் உங்களோடு வாதாடிக்கொண்டிருக்க மாட்டார், கட்டிவிடுவார். அடுத்த ஆண்டு வரமாட்டார்.

இதைத் தவிர்க்க நான் கண்ட வழி, விதியைச் சொன்ன கையோடு ஒரு முழுக் கணக்கையும் எழுதிவிடுவது. ‘52 மாணவர், 4 ஆசிரியர், 1 உதவியாளர் வந்தால் மொத்தம் 1040’ என்ற ஒரு வரி, மேலே கேட்ட மூன்று சந்தேகங்களையும் ஒரேயடியாகத் தீர்க்கிறது. எடுத்துக்காட்டுக்கு 30, 45 போன்று 15ஆல் மீதியில்லாமல் வகுபடும் எண்களை எடுக்காதீர்கள். மீதி வருகிற எண்ணாக எடுத்தால்தான் விதி மீதியை எப்படி நடத்துகிறது என்று தெரியும்.

உதவியாளருக்குக் கட்டணம் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். உதவியாளர் இல்லாமல் அந்தப் பிள்ளை வர முடியாது. அவருக்கும் கட்டணம் என்றால் அந்தப் பிள்ளையிடம் இரண்டு மடங்கு வாங்குவதாகத்தான் ஆகும். உங்கள் நிர்வாகம் இதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் பதிவு எழுதுவதற்கு முன் கேட்டு முடிவு வாங்குங்கள். அப்புறம், உதவியாளருக்கோ மாணவிக்கோ சான்றிதழ் கேட்பீர்களா என்பதும் தெரிய வேண்டும். பள்ளிக் குழுவோடு வருபவருக்கு ஆசிரியரின் சொல்லே போதும் என்று வைப்பது நல்லது. வகுப்புத் தோழர்கள் முன்னால் ஒரு பிள்ளையிடம் அட்டையைக் காட்டச் சொல்வது மனதை நோகடிக்கும்.

கட்டணத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் எப்போதும் வரும். முன்பதிவு செய்தது 52, அன்று வந்தது 48 என்றால் எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும்? பள்ளியின் பெயரில் ரசீது கிடைக்குமா? இரண்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

தமிழில் எழுதும்போது குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சில சொற்கள் இருக்கின்றன. ‘12 வயதுக்கு உட்பட்டோர்’ என்றால் 12 வயதுப் பிள்ளை உள்ளே வருகிறதா? ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘12 வயது வரை’ என்றாலும் பன்னிரண்டு முடிந்து சில மாதம் ஆன பிள்ளை இடையில் நிற்கும். பள்ளிக் குழுவுக்கு வயதே வேண்டாம், வகுப்பைச் சொல்லுங்கள். அதுவும் தேவையில்லை என்றால் ‘பள்ளிச் சீருடையிலோ அடையாள அட்டையோடோ வரும் எல்லா மாணவரும்’ என்று சொல்லிவிடலாம். ‘20 பேருக்கு மேற்பட்ட குழு’ என்றால் சரியாக 20 பேர் வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள். ‘20 பேரோ அதற்கு மேலோ’ என்று எழுதினால் சிக்கல் இல்லை. ‘வார நாட்கள்’ என்பதில் சனிக்கிழமை சேருமா என்பதும் இப்படித்தான், கிழமைகளின் பெயரையே எழுதுங்கள். ‘சிறப்புச் சலுகை உண்டு’ என்று எழுதி எவ்வளவு என்று சொல்லாமல் விட்டால் அந்தச் சொல்லால் பயன் எதுவும் இல்லை.

குழுவின் அளவு பற்றி ஒரு விஷயம். கூடத்தில் ஒரே நேரத்தில் 30 பேர்தான் நிற்க முடியும் என்றால் 52 பேர் இரண்டாகப் பிரிய வேண்டும். முதல் 26 பேர் நாற்பது நிமிடம் கூடத்தைப் பார்க்கிறார்கள் என்றால் மற்ற 26 பேர் அதுவரை எங்கே இருப்பார்கள்? இதைச் சொல்லாவிட்டால் அவர்கள் முற்றத்தில் காத்திருப்பார்கள், பிள்ளைகள் சலித்துவிடுவார்கள், அந்தச் சலிப்போடுதான் உள்ளே வருவார்கள். ஒரு செய்முறை அறையோ, பழைய கூடத்தில் ஒரு சுற்றோ ஏற்பாடு செய்து, மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் சொல்லுங்கள். வண்டிக்காரரிடம் ஆசிரியர் நேரம் சொல்ல வேண்டும். உணவைக் கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா என்பதும் இதே வகைத் தகவல்தான்.

எழுதும் முறைக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறி வரை இடம். தாராளம் என்று தோன்றும். ஆனால் தமிழில் அது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘காட்சிக்கூடம்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினி புள்ளியையும் கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனிக் குறியாக எண்ணுவதால் அதற்கு அது 13. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைவிட முக்கியம், ‘மேலும்’ என்று தட்டுவதற்கு முன் திரையில் தெரிவது முதல் இரண்டு வரி அளவுதான். அந்த இடத்தை ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்பதற்குக் கொடுத்துவிட்டால் பள்ளிகளுக்கான அழைப்பு மறைந்துவிடும். முதல் வரியிலேயே பள்ளி, தேதி, மாணவர் கட்டணம் மூன்றும் வந்துவிட வேண்டும்.

இன்னொரு பெரிய தவறு, கட்டணத்தையும் நேரத்தையும் அழகான சுவரொட்டிப் படத்துக்குள் எழுதிவிட்டு, கேப்ஷனில் ‘விவரங்கள் படத்தில்’ என்று போடுவது. பார்வையற்றவருக்காகக் கைபேசித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான், படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பகமாகப் படித்துச் சொல்லாது. பார்வையற்ற ஆசிரியர்களும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். படத்தில் இருப்பதெல்லாம் கேப்ஷனிலும் எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்கு மாற்று உரை எழுதும் இடத்தில், படத்தில் என்ன தெரிகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். வரிக்கு வரி சக்கர நாற்காலிச் சின்னம், காதுச் சின்னம் என்று எமோஜிகளை வைக்க வேண்டாம். திரைவாசிப்பான் அவற்றின் பெயரை ஒவ்வொரு முறையும் வாசிக்கும், சொல்ல வந்த தகவல் அதில் அமுங்கிப் போகும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் இணைப்பைத் தட்டித் திறக்கவும் முடியாது, அதனால் தொலைபேசி எண்ணையும் பேசக்கூடிய நேரத்தையும் எழுத்தாகவே கொடுங்கள்.

இவ்வளவையும் வைத்து, அந்த 52 பேர் வகுப்பை மனதில் கொண்டு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பள்ளிகளுக்கு அழைப்பு: துணியும் எழுத்தும் காட்சிக்கூடம் 14ஆம் தேதி திறக்கிறது. மாணவருக்கு 20.

இங்கே ஒரு பழைய சட்டையை உட்பக்கம் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறோம். தைத்தவர் எந்த இடத்தில் நூல் தீர்ந்து வேறு நூலுக்கு மாறினார் என்பதை உங்கள் மாணவர்கள் கண்டுபிடிக்கலாம்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை 10 மணி அல்லது பிற்பகல் 1.30. ஒரு நேரத்துக்கு ஒரு பள்ளி, 60 மாணவர் வரை. பாதிப் பேர் கூடத்தில், பாதிப் பேர் செய்முறை அறையில், 40 நிமிடத்தில் இடம் மாறுவார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். சாப்பிட நிழலான இடம் உண்டு.

மாணவருக்கு 20, இதில் புதிய கூடமும் செய்முறை அறையும் அடங்கும். ஒவ்வொரு 15 மாணவருக்கும் ஓர் ஆசிரியர் இலவசம், மீதி 15க்குக் குறைந்தாலும் இன்னொருவர் இலவசம். அதற்கு மேல் வரும் பெரியவருக்கு 50. மாற்றுத்திறனாளி மாணவரின் உதவியாளர் இலவசம், சான்றிதழ் வேண்டாம். எடுத்துக்காட்டு: 52 மாணவர், 4 ஆசிரியர், 1 உதவியாளர், மொத்தம் 1040. அன்று வந்தவர்களுக்கு மட்டும் கட்டினால் போதும். பள்ளி பெயரில் ரசீது தருவோம்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடத்தின் கடைசிப் பேழை வரை படி இல்லை. மிகக் குறுகிய வாசல் 85 செ.மீ. லிப்டின் உள்ளே அகலம் 110, ஆழம் 140 செ.மீ. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை தரைத்தளத்தில் இருக்கிறது, கூடத்தில் இல்லை. உயரமான மூன்று பேழைகளில் உள்ளவற்றைக் கையில் வைத்துப் பார்க்கப் பட அட்டைகள் உண்டு.

பழைய துணிகளைக் காக்க வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறோம். பார்வை குறைந்த மாணவர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். பெரிய எழுத்துக் கையேடும் தொட்டுப் பார்க்கும் துணிகளும் தயாராக இருக்கும். காணொளிக்கு எழுத்து வரி உண்டு, அதன் சத்தத்தை உங்களுக்காக நிறுத்தி வைக்கவும் முடியும். சைகை மொழி விளக்கம் இப்போது இல்லை.

முன்பதிவு: 7 நாள் முன்னதாக, காலை 10 முதல் மாலை 4 வரை (இங்கே உங்கள் எண்). பேசுவது சிரமம் என்றால் அதே எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள்.”

நீளம்தான். ஆனால் சட்டையைப் பற்றிய இரண்டு வாக்கியம் தவிர மற்றதெல்லாம் யாராவது தொலைபேசியில் கேட்கப் போகிற கேள்விக்கான பதில். சட்டை எதற்கு என்றால், தலைமை ஆசிரியர் “அங்கே போய் என்ன செய்வார்கள்?” என்று கேட்கும்போது ஆசிரியர் சொல்ல ஒரு பதில் வேண்டுமே, அதற்கு. ‘அரிய பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன’ என்று சொல்லி அனுமதி வாங்குவது கடினம். உங்கள் கூடத்தில் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று எது என்று காப்பாளரிடம் கேளுங்கள், உடனே சொல்வார்.

இன்னும் சுருக்க வேண்டுமென்றால் உணவு இடத்தையும் காணொளியையும் எடுத்துவிடலாம். எடுத்துக்காட்டுக் கணக்கையும், கழிப்பறை எங்கே என்பதையும், இல்லாததைச் சொல்லும் வரியையும் எடுக்காதீர்கள். இடம் போதாதபோது எல்லோரும் முதலில் வெட்டுவது இந்த மூன்றையும்தான்.

பதிவிடும் முன் அருங்காட்சியகத்தில் வேலை செய்யாத ஒருவரிடம் இதைப் படிக்கக் கொடுத்து, “38 மாணவர், 3 ஆசிரியர், மொத்தம் எவ்வளவு?” என்று கேளுங்கள். 760 என்று தயங்காமல் சொன்னால் கட்டணப் பகுதி சரி. முடிந்தால் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, அவருக்குரிய மதிப்பூதியம் கொடுத்து, அந்த வழியைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு நாடாவில் படாத ஒன்று நிச்சயம் அவர் கண்ணில் படும். ஒரு முறை எங்களுக்குச் சொல்லப்பட்டது கழிப்பறைக் கதவைப் பற்றி. அகலம் சரியாக இருந்தது, ஆனால் கதவு உள்பக்கமாகத் திறந்ததால் நாற்காலியோடு உள்ளே போனவரால் அதை மூட முடியவில்லை.

பதிவிட்ட முதல் இரண்டு வாரம் தொலைபேசி மேசையில் ஒரு குறிப்பேடு வையுங்கள். வருகிற கேள்விகளைக் கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் கேப்ஷனில் அந்த வரி சரியில்லை என்று பொருள், அன்றே திருத்துங்கள். லிப்ட் பழுதானால் புதுப் பதிவு போட்டு விட்டுவிடாதீர்கள். மூலப் பதிவைத் திருத்தி, முதல் வரிக்கு மேலே ‘லிப்ட் இன்று இயங்கவில்லை’ என்று தேதியோடு எழுதுங்கள், முன்பதிவு செய்த பள்ளிகளை நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். சரியானதும் அந்த வரியை எடுக்கும் பொறுப்பு யாருடையது என்று இப்போதே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.